வேலியை எடுத்தார்கள், வேலியைப் போட்டார்கள்: மூன்று நாடுகளும் ஒரு வெண்ணெய்க் கட்டியும்

1960-களில் லண்டனில் ஒரு சாதாரணக் குடும்பம் காலையில் ரொட்டியில் தடவிய வெண்ணெய் எங்கிருந்து வந்திருக்கும்? பக்கத்து நாடான பிரான்சிலிருந்து என்று தோன்றும். ஆனால் பல வீடுகளில் அது உலகத்தின் மறுகோடியில் இருக்கும் நியூசிலாந்து வெண்ணெய். பல ஆயிரம் கிலோமீட்டர் கடல் பயணம் செய்து வந்தது. 1882-ல் 'டனீடன்' என்ற பாய்மரக் கப்பல் உறையவைத்த இறைச்சியை ஏற்றிக்கொண்டு நியூசிலாந்திலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து ஏறக்குறைய 90 வருடங்கள் நியூசிலாந்து என்ற நாடே பிரிட்டனின் தூரத்துப் பண்ணை மாதிரிதான் வாழ்ந்தது. 1950-களில் அந்த நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டன் என்ற ஒரே வாடிக்கையாளருக்குப் போனது.

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. இது தங்களுக்குள் சுங்கவரியே வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட நாடுகளின் கூட்டு. அதாவது வரியை ஒழிப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு. அதில் பிரிட்டன் சேர்ந்ததும் நியூசிலாந்து வெண்ணெய்க்கு லண்டன் கதவு சாத்தத் தொடங்கியது!

வரியை ஒழிக்கும் கூட்டில் சேர்ந்தால் வணிகம் பெருகத்தானே வேண்டும்? ஒரு நாட்டின் பிழைப்பே ஆட்டம் காணும்படி எப்படி ஆனது? 'சுங்க ஒன்றியத்தின் விளைவுகள்' என்று பாடத்தில் வரும் தலைப்பின் உயிரே இந்தக் கேள்விதான். தேர்வில் இதற்கு நம்மில் பாதிப் பேர் எழுதும் பதில், "சுங்க ஒன்றியத்தால் வரி குறைகிறது, எனவே வணிகம் பெருகுகிறது, எனவே நன்மை" என்பது. மூன்று வரியில் முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது 'எனவே'யில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

ஒரு பேராசிரியருக்கு வந்த சந்தேகம்

அந்த ஓட்டையைத் தெளிவாகக் காட்டியவர் ஜேக்கப் வைனர். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பாடம் நடத்திய பொருளியல் பேராசிரியர். 1950-ல் சுங்க ஒன்றியங்களைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். அவருக்கு உறுத்திய விஷயம் இது: தடையற்ற வணிகம் வேண்டும் என்பவர்களும் சுங்க ஒன்றியத்தை ஆதரிக்கிறார்கள், உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பவர்களும் ஆதரிக்கிறார்கள். எலியும் பூனையும் ஒரே விஷயத்துக்குக் கைதட்டினால் ஒருவர் எங்கோ தப்புக் கணக்குப் போடுகிறார் என்றுதானே அர்த்தம்?

சுங்க ஒன்றியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதுதான் விடை. உள்ளே இருக்கும் நாடுகளுக்கு நடுவே வேலியை எடுக்கிறார்கள். அதே சமயம் எல்லா நாடுகளையும் சேர்த்துச் சுற்றி ஒரே உயரத்தில் ஒரு வேலியைப் போடுகிறார்கள். இதற்குப் பொதுவான வெளிச் சுங்கவரி என்று பெயர். வெளியிலிருந்து எந்தத் துறைமுகம் வழியாக வந்தாலும் ஒரே வரி.

இதைத் தடையற்ற வணிகப் பகுதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கேயும் உள்ளே வரி கிடையாது. ஆனால் வெளிநாட்டுச் சரக்குக்கு என்ன வரி என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளும். 1960-ல் பிரிட்டன் சேர்ந்து தொடங்கிய ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம் அந்த வகை. அதில் இருந்தவரை நியூசிலாந்து வெண்ணெயை எப்படி நடத்துவது என்பது பிரிட்டனின் கையில் இருந்தது. 1973-ல் சேர்ந்தது சுங்க ஒன்றியம். அதன் பிறகு அந்த முடிவு பிரிட்டனின் கையில் இல்லை.

மூன்று நாடுகள், மூன்று விலைகள்

இனி கணக்கு. நாடுகள் உண்மையானவை, எண்கள் மட்டும் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. ஒரு கிலோ வெண்ணெயை லண்டன் துறைமுகம் வரை கொண்டுவந்து சேர்க்க ஆகும் செலவு இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

பிரிட்டன் தானே தயாரித்தால் 150 பென்ஸ்.
பிரான்சிலிருந்து வந்தால் 120 பென்ஸ்.
நியூசிலாந்திலிருந்து வந்தால் 100 பென்ஸ்.

அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் நியூசிலாந்து எப்படி மலிவு என்று கேட்கலாம். அங்கே குளிர் அவ்வளவு கடுமை இல்லை. வருடம் முழுவதும் மாடுகள் வெளியிலேயே புல் மேயும். கொட்டகை, குளிர்காலத் தீவனம் என்ற செலவு ஐரோப்பிய விவசாயிக்கு ஆகிற அளவுக்கு ஆகாது. கப்பல் கூலியைச் சேர்த்தாலும் கட்டுப்படியாகும்.

பிரிட்டன் பிரான்சோடு சுங்க ஒன்றியம் அமைக்கிறது. நியூசிலாந்து வெளியே நிற்கிறது. வெளி வரி பிரிட்டன் முன்பு போட்டிருந்த அதே வரிதான், மாறவில்லை. என்ன நடக்கும்? ஒன்றியத்துக்கு முன்னால் பிரிட்டன் எவ்வளவு வரி போட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. மூன்று நிலைகளைப் பார்க்கலாம்.

முதல் நிலை, வரி 100 சதவீதம். வரியோடு சேர்த்தால் பிரெஞ்சு வெண்ணெய் 240, நியூசிலாந்து வெண்ணெய் 200. உள்நாட்டு வெண்ணெய் 150-தான் என்பதால் பிரிட்டன் யாரிடமும் வாங்காது. ஒன்றியம் வந்ததும் பிரான்சுக்கு வரி போய்விடுகிறது, விலை 120. இப்போது 150 பென்ஸ் செலவழித்துத் தானே தயாரிப்பதை நிறுத்திவிட்டு, 120-க்கு பிரான்சிடம் வாங்குகிறது. முன்பு இல்லாத ஒரு வணிகம் பிறந்திருக்கிறது. கிலோவுக்கு 30 பென்ஸ் மதிப்புள்ள உழைப்பும் நிலமும் வேறு வேலைக்கு மிச்சமாகிறது. இதுதான் வணிக ஆக்கம். நியூசிலாந்துக்கு இதில் நஷ்டம் இல்லை. அது முன்பும் விற்கவில்லை, இப்போதும் விற்கவில்லை.

இரண்டாவது நிலை, வரி 25 சதவீதம். வரியோடு பிரெஞ்சு வெண்ணெய் 150, நியூசிலாந்து வெண்ணெய் 125. எனவே பிரிட்டன் நியூசிலாந்திடம் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றியம் வந்ததும் பிரான்சு 120, நியூசிலாந்து அதே 125. லண்டன் வியாபாரி எதை வாங்குவார்? 5 பென்ஸ் குறைவாகக் கிடைக்கும் பிரெஞ்சு வெண்ணெயைத்தான். அவர் மேல் தப்பில்லை. ஆனால் 100 பென்ஸில் தயாரிக்கிறவனை விட்டுவிட்டு 120 பென்ஸில் தயாரிக்கிறவனிடம் நாடு போய்விட்டது. வணிகம் புதிதாகப் பிறக்கவில்லை, இருந்த வணிகம் இடம் மாறியிருக்கிறது, அதுவும் திறமை குறைந்தவனை நோக்கி. இதுதான் வணிகத் திசைமாற்றம்.

மூன்றாவது நிலை, வரி 15 சதவீதம். நியூசிலாந்து வரியோடு 115. ஒன்றியத்துக்குப் பிறகும் பிரான்சு 120. எதுவும் மாறாது, நியூசிலாந்திடமே வாங்குவார்கள்.

அதே மூன்று நாடுகள், அதே செலவுகள், அதே ஒன்றியம். முன்பிருந்த வரி மட்டும் மாறியது. ஒன்றில் ஆக்கம், ஒன்றில் திசைமாற்றம், ஒன்றில் ஒன்றுமே இல்லை. "சுங்க ஒன்றியம் நல்லதா கெட்டதா?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது என்பது இதிலிருந்து விளங்கும். வெளிவேலி எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் திசைமாற்றம் குறையும் என்பதும் விளங்கும்.

பணம் யார் பையிலிருந்து போனது?

இரண்டாவது நிலையில் ஒரு விஷயம் நிறையப் பேரைக் குழப்பும். விலை 125-லிருந்து 120-க்கு இறங்கியிருக்கிறது, வாங்குகிறவருக்கு 5 பென்ஸ் லாபம். பிறகு நஷ்டம் எங்கே?

அரசாங்கத்தின் கஜானாவைப் பாருங்கள். முன்பு வாங்கியவர் கொடுத்த 125-ல் 100 நியூசிலாந்துக்குப் போனது, 25 பிரிட்டிஷ் அரசுக்கு வரியாகப் போனது. அந்த 25 நாட்டுக்குள்ளேயே இருந்தது. அதில் பள்ளிக்கூடம் கட்டலாம், சாலை போடலாம். இப்போது வாங்குகிறவர் கொடுக்கும் 120-ம் முழுசாக பிரான்சுக்குப் போகிறது. வாங்குகிறவருக்கு 5 லாபம், அரசுக்கு 25 நஷ்டம், நாட்டுக்கு நிகரமாகக் கிலோவுக்கு 20 நஷ்டம். இந்த 20-ம் பிரெஞ்சு விவசாயி அள்ளிக்கொண்ட லாபமும் அல்ல. அவருக்கு உண்மையிலேயே அவ்வளவு கூடுதல் செலவு ஆகிறது. மொத்த உலகத்துக்கும் வீணான செலவு அது. கடைக்காரரிடம் கேட்டால் "வெண்ணெய் விலை குறைந்திருக்கிறது சார்" என்பார். திசைமாற்றத்தின் நஷ்டம் கடை ரசீதில் தெரியாது.

இதற்கு ஒரு திருத்தமும் உண்டு, முழு மதிப்பெண் வேண்டுமானால் இதையும் எழுத வேண்டும். விலை குறைந்தால் மக்கள் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். வைனர் தன் விளக்கத்தில் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1955-ல் ஜேம்ஸ் மீடும், 1957-ல் ரிச்சர்ட் லிப்சியும் இதை எடுத்துக் காட்டினார்கள்.

நம் கணக்கிலேயே பார்க்கலாம். விலை 125-ஆக இருந்தபோது 100 கிலோ விற்றது, விலை ஒரு பென்ஸ் இறங்கினால் 2 கிலோ கூடுதலாக விற்கும் என்று வைத்துக்கொள்வோம். விலை 120 ஆனதும் 110 கிலோ விற்கும். பழைய 100 கிலோவில் நிகர நஷ்டம் 100 × 20 = 2,000 பென்ஸ். கூடுதல் 10 கிலோவால் நுகர்வோருக்குக் கிடைக்கும் லாபம் படத்தில் ஒரு சின்ன முக்கோணம்: ½ × 5 × 10 = 25 பென்ஸ். 2,000-க்கு முன்னால் 25 எம்மாத்திரம்!

ஆனால் பிரான்சின் செலவு 120 இல்லை, 102 என்று மாற்றிப் பாருங்கள். விலை 125-லிருந்து 102-க்கு, அதாவது 23 பென்ஸ் இறங்குகிறது. விற்பனை 146 கிலோ ஆகிறது. பழைய 100 கிலோவில் நுகர்வோர் லாபம் 2,300. கூடுதல் 46 கிலோவில் முக்கோண லாபம் ½ × 23 × 46 = 529. மொத்தம் 2,829. அரசு இழந்த வரி 2,500. நிகரமாக 329 பென்ஸ் லாபம்! திசைமாற்றம்தான், ஆனாலும் நாட்டுக்கு நன்மை. பங்காளி நாடு உலகிலேயே மலிவான நாட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். "திசைமாற்றம் என்றால் கட்டாயம் நஷ்டம்" என்று எழுதினால் அதுவும் தப்பு.

காகிதத்திலிருந்து துறைமுகத்துக்கு

நிஜத்தில் இவை நடந்தனவா? இரண்டுமே நடந்தன, ஒரே ஒன்றியத்தில்.

வணிக ஆக்கத்துக்கு நல்ல உதாரணம் இத்தாலியக் குளிர்சாதனப் பெட்டி. 1957-ல் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஆறு நாடுகள் தங்களுக்குள் இருந்த சுங்கவரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1968 ஜூலை 1-க்குள் முழுவதும் எடுத்துவிட்டன. அந்த இடைக்காலத்தில் இத்தாலித் தொழிற்சாலைகள் பெரிய அளவில், மலிவாக ஃபிரிட்ஜ் செய்து பிரெஞ்சுக் கடைகளில் குவித்தன. பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் அலறினார்கள். அவர்கள் அலறியதுதான் வணிக ஆக்கத்தின் அடையாளம். அதிகச் செலவில் உள்ளூரில் தயாரிப்பது சுருங்கி, குறைந்த செலவில் தயாரிக்கிற பங்காளி அந்த இடத்துக்கு வருகிறார். வலி உள்ளூரில்தான் விழும். தொழிற்சாலைப் பொருட்களில் ஐரோப்பியச் சமூகம் திசைமாற்றத்தைவிட ஆக்கத்தையே அதிகம் தந்தது என்பது பேலா பலாசா போன்றவர்கள் புள்ளிவிவரங்களை அலசிச் சொன்ன முடிவு. உணவுப் பொருட்களில் கதை நேர்மாறு.

மறுபடி வெண்ணெய்க்கு வருவோம். பிரிட்டனின் நிஜக் கதை நம் இரண்டாவது நிலையைவிட மோசம். 1973-க்கு முன்னால் நியூசிலாந்து வெண்ணெய்க்கு பிரிட்டனில் சுங்கவரி கிடையாது. எவ்வளவு வரலாம் என்ற அளவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தது. உணவு உலகத்தில் எங்கே மலிவோ அங்கிருந்து வரட்டும், உள்நாட்டு விவசாயிக்குக் கட்டுப்படியாகாத பாக்கியை அரசே வரிப்பணத்திலிருந்து கொடுக்கட்டும் என்பதுதான் பிரிட்டனின் பழைய ஏற்பாடு. நம் கணக்கில் சொன்னால், வாங்குகிறவர் 125 அல்ல, 100-தான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றியத்தில் சேர்ந்ததும் விலை 120-ஐ நோக்கி ஏற வேண்டியதாயிற்று. பாடப்புத்தகத்தில் திசைமாற்றம் நடந்தாலும் வாங்குகிறவருக்கு 5 பென்ஸாவது மிஞ்சும். இங்கே அந்த ஆறுதலும் இல்லை.

வெளிவேலியும் சாதாரண வேலி இல்லை. ஐரோப்பியச் சமூகத்தின் பொது விவசாயக் கொள்கையில் வெண்ணெய்க்கு நிலையான சதவீத வரி கிடையாது. ஏறி இறங்கும் தீர்வை ஒன்று உண்டு. வெளிநாட்டு வெண்ணெய் உள்ளே நுழையும்போது அதன் விலை இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று முதலிலேயே நிர்ணயித்துவிடுவார்கள். அந்த விலை 120 என்று வையுங்கள். உலகச் சந்தையில் 100-க்குக் கிடைத்தால் தீர்வை 20. நியூசிலாந்து விவசாயி இன்னும் சிக்கனமாக உழைத்து 90-க்குக் கொண்டுவந்தால்? தீர்வை 30! அவர் எவ்வளவு திறமை காட்டினாலும் லண்டன் கடையில் விலை குறையாது. நம் கணக்கில் 15 சதவீத வரியைத் தாண்டி நியூசிலாந்தால் உள்ளே வர முடிந்தது. இந்தத் தீர்வையைத் தாண்ட வழியே கிடையாது. வசூலாகும் தீர்வையும் பிரிட்டிஷ் கஜானாவில் தங்காது, சமூகத்தின் பொது வருமானத்தில் சேரும்.

நியூசிலாந்துக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பிரிட்டன் முதலில் விண்ணப்பித்தது 1961-ல். பிரெஞ்சு அதிபர் டி கால் 1963-லும் 1967-லும் முடியாது என்று தடுத்துவிட்டார். நியூசிலாந்துப் பால் பண்ணைக்காரர்களுக்கு அது கிடைத்த அவகாசம். 1970-ல் பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியபோது, துணைப் பிரதமராக இருந்த ஜான் மார்ஷல் ஐரோப்பாவுக்கும் வெலிங்டனுக்குமாக அலைந்தார். 1971-ல் லக்சம்பர்க்கில் ஓர் ஏற்பாடு கிடைத்தது. முதல் ஐந்து வருடங்களுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சலுகையில் வரலாம். வெண்ணெய் 1973-ல் சுமார் 1,65,000 டன்னில் தொடங்கி 1977-ல் சுமார் 1,38,000 டன்னாக இறங்கும். பாலாடைக்கட்டிச் சலுகை அந்த ஐந்து வருடங்களோடு முடியும். வெண்ணெய்ச் சலுகை அதற்குப் பிறகும் நீட்டிக்கப்பட்டது, ஆனால் ஒவ்வொரு முறையும் கையேந்திப் பேசித்தான் வாங்க வேண்டியிருந்தது.

உலக வணிக விதிகள் இதைத் தடுக்கவில்லையா? காட் ஒப்பந்தத்தின் 24-வது பிரிவு சுங்க ஒன்றியத்தை அனுமதிக்கிறது. வெளிநாட்டாருக்கான தடைகள் 'மொத்தத்தில்' முன்பைவிட அதிகமாகக் கூடாது என்பது நிபந்தனை. சிக்கல் அந்த 'மொத்தத்தில்' என்ற வார்த்தையில்தான். நூறு பொருட்களில் வரி குறைந்து வெண்ணெய்க்கு மட்டும் ஏறினால் மொத்தக் கணக்கு சரியாக வந்துவிடும். வெண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் நம்பிப் பிழைக்கும் நாட்டுக்கு அந்த மொத்தக் கணக்கு சோறு போடாது.

எது நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பொருளில் ஆக்கம் நடந்ததா, திசைமாற்றம் நடந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த நாடு சாப்பிடும் மொத்த வெண்ணெயை மூன்று பங்காகப் பிரியுங்கள்: உள்நாட்டுத் தயாரிப்பு, பங்காளி நாட்டுச் சரக்கு, வெளியார் சரக்கு. ஒன்றியத்துக்கு முன்னும் பின்னும் இந்த மூன்று பங்குகளை ஒப்பிடுங்கள். உள்நாட்டுப் பங்கு இறங்கிப் பங்காளி பங்கு ஏறியிருந்தால் அது ஆக்கம். வெளியார் பங்கு இறங்கிப் பங்காளி பங்கு ஏறியிருந்தால் அது திசைமாற்றம். மொத்த இறக்குமதி கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியும், எதுவும் விளங்காது.

பிரிட்டிஷ் வெண்ணெய்க்கு இந்தச் சோதனையை வைத்தால் எதிர்பாராத ஒன்று தெரிகிறது. வெளியார் பங்கு இறங்கியது, சரி. ஆனால் ஏறியது பங்காளிகளின் பங்கு மட்டும் இல்லை. பிரிட்டனின் உள்நாட்டுத் தயாரிப்பே 1973-க்குப் பிறகு வெகுவாக உயர்ந்தது! ஐரோப்பிய உயர்ந்த விலை கிடைத்ததும் பிரிட்டிஷ் பண்ணைகள் முன்பு கட்டுப்படியாகாத வெண்ணெயைத் தயாரிக்கத் தொடங்கின. நம் கணக்கில் 150 பென்ஸ் ஆகிறவரின் மாடே 100 பென்ஸ் ஆகிறவரின் மாட்டை வெளியே தள்ளியது போல. இதை வணிக ஒடுக்கம் என்று தனியாகச் சொல்வார்கள். ஒன்றியத்தில் சேர்ந்ததால் ஒரு நாடு முன்பைவிடக் குறைவாக வணிகம் செய்வதும் நடக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஒன்றியம் இல்லாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் கண்ணால் தெரியாது. 1973-லேயே எண்ணெய் விலை அதிர்ச்சியும் வந்தது. மக்கள் வெண்ணெயிலிருந்து மார்ஜரினுக்கு மாறியதும் உண்டு. பங்கு இறங்கியதையெல்லாம் சுங்க ஒன்றியத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

உயர்ந்த விலைக்கு வேலியைக் கட்டியவர்களும் ஒரு விலை கொடுத்தார்கள். கட்டுப்படியாகிற விலை உறுதி என்றால் விவசாயி பால் கறந்துகொண்டேதான் இருப்பார். வாங்க ஆளில்லாத வெண்ணெயைச் சமூகமே வாங்கிக் குளிர்கிடங்கில் அடுக்கியது. 'வெண்ணெய் மலை' என்று பத்திரிகைகள் கிண்டல் செய்த அந்தக் கையிருப்பு 1980-களின் நடுவில் 10 லட்சம் டன்னைத் தாண்டியது. அதை மானியம் கொடுத்து உலகச் சந்தையில் தள்ளினார்கள். லண்டனை இழந்து வேறு ஊர்களில் கடை விரித்த நியூசிலாந்துக்காரர், அங்கேயும் மலிவு விலை ஐரோப்பிய வெண்ணெயோடு மோத வேண்டியதாயிற்று.

ஐம்பது வருடம் கழித்து

நியூசிலாந்து மூழ்கிவிடவில்லை. மத்தியக் கிழக்கு, ஜப்பான் என்று புதிய வாடிக்கையாளர்களைத் தேடியது. 1983-ல் ஆஸ்திரேலியாவோடு நெருங்கிய பொருளாதார உறவு ஒப்பந்தம் போட்டது. 1984-க்குப் பிறகு விவசாய மானியங்களை அநேகமாக முழுவதும் நிறுத்தியது. 2008-ல் சீனாவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. "பிரிட்டன் கைவிட்டதே நல்லதாகப் போயிற்று" என்று இன்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் நடுவில் பண்ணையை விற்றுவிட்டுப் போனவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. 100 பென்ஸில் உலகிலேயே மலிவாகத் தயாரித்தவர்கள் அவர்கள். திறமைக் குறைவால் தோற்கவில்லை, வேலிக்கு வெளியே நின்றதால் தோற்றார்கள்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. அந்த வருடக் கடைசியில் சுங்க ஒன்றியத்திலிருந்தும் வெளியேறியது. 2022 பிப்ரவரியில் நியூசிலாந்தோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. 2023 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது. வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் வரி ஐந்து வருடங்களில் படிப்படியாக இல்லாமல் போகும். ஆட்டிறைச்சிக்கு முழுத் திறப்பு 15 வருடங்கள் கழித்து. இந்த முறை கவலைப்படுகிறவர்கள் வேல்ஸ் மலைச்சரிவில் ஆடு வளர்ப்பவர்கள்.

அவர்கள் கவலையைக் கேட்டதும் இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி வர வேண்டும். அவர்களுடைய இடத்தை மலிவான நியூசிலாந்து ஆடு பிடித்தால் அதற்குப் பெயர் என்ன? பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்த அயர்லாந்து ஆட்டிறைச்சியின் இடத்தை அது பிடித்தால் என்ன பெயர்? மூன்று நாடுகளின் செலவையும் வரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு யோசியுங்கள். விடையைக் கீழே எழுதுங்கள், பார்க்கலாம்.